கல்யாணத்துக்கு முன்பே வால்ப்ரோயேட்டை ஏன் நிறுத்துகிறார்கள்?

“என் தங்கைக்கு 24 வயது. மைக்ரேனுக்காக ஒரு டாக்டர் டைவல்ப்ரோயெக்ஸ் 500 கொடுத்தார். மாதம் எட்டு நாள் வந்த தலைவலி மூன்று நாளாகக் குறைந்தது. இப்போது பார்க்கும் நரம்பியல் டாக்டர் அதை நிறுத்திவிட்டு ப்ரோப்ரானலால் எழுதியிருக்கிறார். கல்யாணமே அடுத்த தை மாதம்தான். நன்றாகக் கேட்கிற மருந்தை எதற்கு மாற்ற வேண்டும்? கர்ப்பம் ஆனதும் நிறுத்தினால் போதாதா?”

போதாது. டைவல்ப்ரோயெக்ஸ் என்பது வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட்டின் இன்னொரு வடிவம்தான். கர்ப்பம் என்று தெரிந்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரையை நிறுத்துவதற்குள் இந்த மருந்து செய்யக்கூடிய கெடுதலில் ஒரு பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும். இதைக் காலண்டரை வைத்தே பார்த்துவிடலாம்.

ஒரு பெண்ணுக்கு ஜூன் 1ஆம் தேதி மாதவிடாய் வந்தது, 28 நாள் சுழற்சி என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 15 வாக்கில் கருமுட்டை வெளிவந்து கரு உண்டாகிறது. அடுத்த மாதவிடாய் வர வேண்டிய நாள் ஜூன் 29. அன்று வரவில்லை. அன்றைக்கே யாரும் பரிசோதனை செய்துவிடுவதில்லை. “அலைச்சலா இருக்கும், இரண்டு நாள் பார்ப்போம்” என்று விடுவார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் கடையில் கிட் வாங்கிப் பார்ப்பார்கள். ஜூலை 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடு தெரிகிறது. அப்புறம் வீட்டில் சொல்லி, மகப்பேறு டாக்டரிடம் நேரம் வாங்கிப் போவதற்குள் ஜூலை 13 ஆகிவிடும். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முதல் முறையாக ஒருவர் கேட்பதே அப்போதுதான்.

குழந்தையின் மூளையும் தண்டுவடமும் தொடக்கத்தில் ஒரு தட்டையான பட்டைதான். அது இரண்டு பக்கமும் மடிந்து, நடுவில் ஒட்டி, ஒரு குழாயாக மூடிக்கொள்ள வேண்டும். நரம்புக் குழாய் என்பது இதுதான். கரு உண்டான நாளிலிருந்து ஏறத்தாழ 28ஆம் நாளுக்குள் இந்த வேலை முடிந்துவிடும். ஜூன் 15லிருந்து 28 நாள் எண்ணிப் பாருங்கள், ஜூலை 13. அதாவது டாக்டரின் அறைக்குள் நுழையும் நாளில் அந்தக் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமல் நின்றுபோயிருக்கும். கீழ்ப்பகுதி மூடாமல் போனால் முதுகெலும்பில் பிளவோடு குழந்தை பிறக்கும். ஸ்பைனா பிஃபிடா என்கிறார்கள். பிளவு எவ்வளவு பெரியது, முதுகில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து கால்கள் செயலிழக்கலாம், சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போகலாம், தலையில் நீர் கோத்துக்கொள்ளலாம்.

பொதுவாக ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்று என்ற அளவில் வரும் இந்தக் குறை, வால்ப்ரோயேட் சாப்பிடும் தாய்மார்களிடம் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை வருகிறது. இது முதுகெலும்புக்கு மட்டும் உள்ள கணக்கு. இதயத்தில் ஓட்டை, அண்ணப் பிளவு, கை கால் குறைபாடு, ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துவாரம் இடம் மாறியிருப்பது எல்லாவற்றையும் சேர்த்தால் நூற்றுக்குப் பத்து குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கிறது. மருந்தே சாப்பிடாத தாய்மார்களிடம் இது நூற்றுக்கு இரண்டு, மூன்று.

“அதெல்லாம் வலிப்புக்குப் பெரிய டோஸ் சாப்பிடுகிறவர்களுக்கு, என் தங்கை வெறும் 500 தானே” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆபத்து டோஸோடு சேர்ந்துதான் ஏறுகிறது. பல நாடுகளில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்த யூராப் என்ற பதிவேட்டில், ஒரு நாளைக்கு 1450 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களில் நான்கில் ஒரு குழந்தைக்குக் குறை இருந்தது. 650 அல்லது அதற்குக் கீழ் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஆறு. மைக்ரேனுக்கு எழுதும் டோஸ் பெரும்பாலும் 500இலிருந்து 1000 வரை. அதன் கீழ் முனையிலேயே சாதாரண ஆபத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. இந்த அளவு வரை பயமில்லை என்று சொல்லக்கூடிய ஒரு டோஸை இதுவரை யாராலும் காட்ட முடியவில்லை.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது மூளை வளர்ச்சி. முதுகெலும்பில் பிளவு இருந்தால் ஸ்கேனில் தெரியும், பிறந்தவுடன் கண்ணுக்கே தெரியும். அதனால்தான் அதை 1982லேயே பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். மூளையில் ஏற்படும் பாதிப்பு அப்படித் தெரிவதில்லை. பார்ப்பதற்கு எந்தக் குறையும் இல்லாத குழந்தை, பேசத் தாமதமாகும், பள்ளிக்கூடத்தில் பின்தங்கும். தாய் ஆறு வருடத்துக்கு முன்பு சாப்பிட்ட மாத்திரையோடு அதை யார் முடிச்சுப் போடுவார்கள்?

நீட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒரு ஆய்வு, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அந்த முடிச்சைப் போட்டது. (நம் ஊர் நுழைவுத் தேர்வு இல்லை, பெயர்தான் ஒன்று.) வலிப்பு மருந்து சாப்பிட்ட கர்ப்பிணிகளின் குழந்தைகளை ஆறு வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். வால்ப்ரோயேட் குழந்தைகளின் சராசரி ஐ.க்யூ. 97. லாமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மருந்து சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு 108. அந்தப் பதினோரு புள்ளி சராசரியில் வந்த சரிவு என்பதைக் கவனிக்க வேண்டும், சில குழந்தைகளுக்கு அதைவிட அதிகம் குறைந்திருக்கும். டென்மார்க்கில் நாட்டின் பிறப்புப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வந்தது. ஆட்டிசம் வகைக் குறைபாடு, வால்ப்ரோயேட் வயிற்றிலேயே கிடைத்த குழந்தைகளில் நூற்றுக்கு நான்குக்கு மேல், மற்றவர்களில் நூற்றுக்கு ஒன்றரை.

நரம்புக் குழாய் நாலு வாரத்தில் மூடிவிடுகிறது, மூளையோ பிரசவம் வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய், தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடவும் அதிக அளவில் சேர்கிறது. அதனால் முதல் மூன்று மாதம் தாண்டினால் கவலையில்லை என்ற வழக்கமான கணக்கு இங்கே செல்லாது.

இவ்வளவும் தெரிந்த சில டாக்டர்கள்கூட, “கூடவே ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் போட்டுக்கோ, பார்த்துக்கலாம்” என்று எழுதுவதைப் பார்க்கிறேன். ஃபோலிக் ஆசிட் நல்ல மாத்திரை. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் எல்லாப் பெண்களும் சாப்பிட வேண்டியது. ஆனால் வால்ப்ரோயேட்டால் வரும் குறைகளை அது தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்த மருந்து ஃபோலிக் ஆசிட்டின் வேலையில் மட்டும் குறுக்கிடுவதில்லை. எந்த ஜீன் எப்போது வேலை செய்ய வேண்டும் என்று முறைப்படுத்தும் ஹிஸ்டோன் டீஅசெட்டிலேஸ் என்ற என்சைமையும் தடுக்கிறது. கரு உருவாகும் காலத்தில் அந்த முறை கலைந்துபோனால் வைட்டமின் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது.

சரி, இவ்வளவு ஆபத்தான மருந்தை வலிப்பு நோய் உள்ள பெண்களுக்கு மட்டும் ஏன் சில சமயம் கொடுக்கிறார்கள்? இங்கேதான் மைக்ரேன் வேறாகிறது. சில வகை வலிப்புகள் வால்ப்ரோயேட்டுக்கு மட்டுமே அடங்கும். கட்டுப்பாடு இல்லாத வலிப்பு தாயைக் கொல்லக்கூடும், வயிற்றில் இருக்கும் குழந்தையையும் கொல்லக்கூடும். அங்கே டாக்டர் இரண்டு ஆபத்துகளை எடைபோட வேண்டியிருக்கிறது. மைக்ரேன் வேதனை பிடித்தது, வேலையைக் கெடுக்கும், இருட்டறையில் வாந்தியோடு கிடக்க வைக்கும். அதைச் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் தடுப்பு மாத்திரையை நிறுத்தியதால் உயிர் போகும் நிலை அதில் இல்லை. அதோடு வால்ப்ரோயேட் செய்வதை வேறு மருந்துகளும் செய்கின்றன. 1995இல் வந்த ஆய்வில் டைவல்ப்ரோயெக்ஸ் எடுத்தவர்களில் பாதிப் பேருக்குத் தலைவலி பாதிக்குப் பாதியாவது குறைந்தது. நல்ல பலன்தான். பிறகு ப்ரோப்ரானலாலோடு நேருக்கு நேர் ஒப்பிட்டபோது இரண்டும் ஒரே அளவில்தான் நின்றன. அதே பலனை இந்த ஆபத்து இல்லாமல் வாங்க முடியும்போது ஆபத்தோடு வாங்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தக் கணக்கைத்தான் 2013இல் எழுத்தில் போட்டது. 1996இல் மைக்ரேன் தடுப்புக்கு டைவல்ப்ரோயெக்ஸை அனுமதித்ததும் அவர்களே. நீட் ஆய்வின் ஆறு வயது முடிவுகள் வந்த பிறகு, மைக்ரேனுக்காகக் கர்ப்பிணிகள் இதை எடுக்கவே கூடாது என்று ‘எக்ஸ்’ வகைக்கு மாற்றினார்கள். வலிப்புக்கும் இருதுருவ மனநோய்க்கும், ஆபத்து இருந்தாலும் தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்ற ‘டி’ வகையிலேயே விட்டார்கள். மருந்து ஒன்று, நோய் மாறியதால் தீர்ப்பு மாறியது. 2018இல் ஐரோப்பிய மருந்து முகமை இன்னும் ஒரு படி மேலே போனது. குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு இதைக் கொடுப்பதானால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, நம்பகமான கருத்தடை, ஆண்டுக்கு ஒருமுறை நிபுணர் மறுபரிசீலனை, ஆபத்தைப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்து, இவ்வளவும் வேண்டும். பிரிட்டனில் மைக்ரேனுக்கு இந்த மருந்துக்கு உரிமமே கிடையாது. 2024 ஜனவரியிலிருந்து அங்கே 55 வயதுக்குக் கீழே ஆணோ பெண்ணோ யாருக்கும் புதிதாகத் தொடங்க இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும்.

இனி கல்யாண விஷயம். “இன்னும் கல்யாணம் ஆகலையே” என்பதை ஒரு பாதுகாப்பாக எடுத்துக்கொண்டு மருந்து எழுதும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. பெண்ணோடு அம்மாவும் உள்ளே உட்கார்ந்திருப்பார். டாக்டர் கேட்க மாட்டார், பெண்ணும் சொல்ல மாட்டாள். தடுப்பு மருந்து ஆறு மாதம், ஒரு வருடம் ஓடும். நடுவில் நிச்சயதார்த்தம், கல்யாணம், வேறு ஊருக்குப் போவது எல்லாம் நடந்துவிடும். பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் மாத்திரை கிடைத்துக்கொண்டே இருக்கும். புகுந்த வீட்டில் “என்ன மாத்திரை” என்று கேட்டால் “தலைவலி மாத்திரை” என்றுதான் பதில் வரும். உலக அளவில் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி திட்டமிடாமல் வருபவை. உங்கள் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் என்றால், மாற்றுவதற்குச் சரியான நேரம் இப்போதுதான். புது மருந்து கேட்கிறதா என்று தெரியவே இரண்டு மாதம் வேண்டும்.

கருத்தடை செய்துகொண்டு இதையே தொடரலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிலருக்குத் தலைவலிக்கு முன்பு கண்ணில் வளைவு வளைவாக வெளிச்சக் கோடுகள் தெரியும், அல்லது ஒரு பக்கம் மரத்துப்போகும். ஆரா என்று பெயர். அப்படிப்பட்டவர்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள வழக்கமான கருத்தடை மாத்திரையைச் சாப்பிடக்கூடாது, பக்கவாத ஆபத்து கூடும். அப்புறம் காப்பர்-டி அல்லது ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம்தான் பொருத்தமான வழி. இன்னும் குழந்தை பெறாத பெண்ணுக்கு அதையும் போடலாம், தடையில்லை. ஆனால் வீட்டில் எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கர்ப்பத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இளம் பெண்களுக்கு இது அவ்வளவு இணக்கமான மருந்து இல்லை. எடை கூடும், முடி கொட்டும், கை லேசாக நடுங்கும். மாதவிடாய் தாறுமாறாகி, பி.சி.ஓ.எஸ். போன்ற மாற்றங்கள் வருவதும் உண்டு. உங்கள் தங்கைக்கு இந்த மருந்தைச் சாப்பிட்ட காலத்தில் மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்ததா, எடை ஏறியதா என்று கேளுங்கள். ஆம் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மாற்றும் விதத்துக்கு வருகிறேன். வலிப்பு இல்லாமல் மைக்ரேனுக்கு மட்டும் சாப்பிடுகிறவர், கர்ப்பமும் இல்லை என்றால், பெரும்பாலும் 500ஐ 250ஆக்கி இரண்டு வாரம் கொடுத்துவிட்டு நிறுத்துவார்கள். அதற்குள்ளேயே ப்ரோப்ரானலாலைத் தொடங்கிவிடுவார்கள். காலை 20, இரவு 20 மில்லிகிராம் என்று ஆரம்பித்து, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இடம் கொடுத்தால் 40, 40 என்று ஏற்றுவார்கள். நாளொன்றுக்கு 160 வரை போவதுண்டு. ஆஸ்துமா அல்லது வீசிங் இருந்தால் இதைத் தொடவே கூடாது. டாக்டர் கேட்கவில்லை என்றாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள். சிறு வயதில் இன்ஹேலர் போட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். படியேறும்போது வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ டோஸ் அதிகமாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரத்தில் தலைவலி கொஞ்சம் கூடினால் “பழைய மருந்துதான் சரி” என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு மருந்து இறங்கி இன்னொன்று ஏறும் இடைவெளி அது. தலைவலி வந்த தேதி, எத்தனை மணி நேரம் இருந்தது, எந்த வலி மாத்திரை போட்டாள் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எட்டு வாரம் கழித்து அந்த நோட்டை வைத்துத்தான் பலனை அளக்க வேண்டும். பலன் போதவில்லை என்றால் இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமில் தொடங்கலாம். தூக்கம் சரியில்லாதவர்களுக்கு அது நன்றாகவே பொருந்தும், காலையில் கொஞ்சம் மந்தமும் வாய் வறட்சியும் இருக்கும். கர்ப்பம் உறுதியானால் ப்ரோப்ரானலாலையும் தொடர வேண்டுமா என்று அப்போது பார்ப்பார்கள். குழந்தையின் எடையும் பிறந்தவுடன் அதன் நாடித்துடிப்பும் குறையக்கூடும் என்பதால் முடிந்தவரை குறைத்து நிறுத்தப் பார்ப்பார்கள். ஆனால் வால்ப்ரோயேட் போல உறுப்புக் குறை உண்டாக்கும் மருந்து அல்ல. கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்கு மேல் பல பெண்களுக்கு மைக்ரேனே தானாகக் குறைந்துவிடுவதும் உண்டு.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட் வேண்டாம் என்றதும் சிலர் டோபிராமேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்துக்கு மாற்றுகிறார்கள். எடை கூடாது என்பதால் பெண்களும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அதுவும் உதட்டுப் பிளவை உண்டாக்குகிறது, குழந்தையின் எடையைக் குறைக்கிறது. 2022இல் வந்த நார்டிக் நாடுகளின் ஆய்வில் ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகத் தெரிந்தன. அதற்கு அடுத்த வருடமே ஐரோப்பாவில் அதற்கும் வால்ப்ரோயேட் போன்ற கட்டுப்பாடு வந்துவிட்டது. தாம்பத்தியம் தொடங்கவிருக்கும் பெண்ணுக்கு அது ஒரு தீர்வு இல்லை.

“இதுவரை சாப்பிட்டதால் நாளைக்குப் பிறக்கும் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?” என்று வீட்டில் யாராவது பயந்தால், ஆகாது என்று சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும். கர்ப்பத்தின்போது உடம்பில் இருந்தால்தான் பிரச்சினை.

இதைப் படிக்கும் யாராவது இந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாள் தள்ளிப்போயிருந்தால், இன்றைக்கே பரிசோதனை செய்து, இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மைக்ரேனுக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் உடனே நிறுத்தச் சொல்வார். வலிப்புக்கோ மனநோய்க்கோ சாப்பிடுகிறவர் என்றால் தானாக நிறுத்தக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரும் அபாயம் இருக்கிறது. கருவைக் கலைத்துவிட வேண்டும் என்று அவசரப்படவும் வேண்டாம். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குப் பெரிய உடல் குறை இருப்பதில்லை. 11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் முதுகெலும்பையும் இதயத்தையும் நுணுக்கமாகப் பார்க்கும் ஸ்கேன் எடுப்பார்கள். எடுக்கும் டாக்டரிடம் வால்ப்ரோயேட் சாப்பிட்டதைச் சொன்னால் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

உங்கள் தங்கையிடம் மிச்சம் இருக்கும் பட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள். பிராண்டு பெயர் டைகோரேட், என்கோரேட், வால்பாரின் என்று எதுவாகவும் இருக்கலாம். கீழே சின்ன எழுத்தில் டைவல்ப்ரோயெக்ஸ், சோடியம் வால்ப்ரோயேட், வால்ப்ரோயிக் ஆசிட் என்று எது எழுதியிருந்தாலும் எல்லாம் ஒன்றுதான். டாக்டர் சொல்லும் குறைப்புக் கணக்குக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய சீட்டில் அந்த வரியை அவரையே அடித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.